சம்பளம் வராதவர்கள் எத்தனை பேர்? பதில் எண்ணும் முறையில் இருக்கிறது

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தொழிலாளர்களைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கூடவே ஒரு சதவீதம் வந்துவிடும். "இத்தனை சதவீதம் பேருக்குச் சம்பளப் பாக்கி" என்று ஒரு தரப்பு சொல்லும். "அதெல்லாம் இல்லை, இவ்வளவுதான்" என்று இன்னொரு தரப்பு சொல்லும். நாமும் நமக்குப் பிடித்த எண்ணை வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

பிழைப்புக்காக டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்: பட்டியல் எங்கே? ஒரு கணக்கெடுப்பு என்றால் முழுப் பெயர்ப் பட்டியல் வேண்டும், அதிலிருந்து குலுக்கல் முறையில் ஆளை எடுக்க வேண்டும். விசா முடிந்து தங்கியிருப்பவர், ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்திருப்பவர், முதலாளி வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும் பெண், இவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. கிளிப்போர்டோடு போய்க் கதவைத் தட்டினால் போலீஸ் என்று நினைத்துத் திறக்கவே மாட்டார்கள்.

இதற்கு ஒரு வழியை 1997-ல் டக்ளஸ் ஹெக்கத்தோர்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் முன்வைத்தார். பெயர் ரெஸ்பாண்டன்ட் டிரிவன் சாம்ப்ளிங். பேட்டி கொடுத்தவரே அடுத்த ஆளைக் கூட்டிவரும் முறை. முதலில் வெவ்வேறு நாடு, வெவ்வேறு தொழில் என்று கலந்து ஏழெட்டுப் பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பேட்டி முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் எண் போட்ட மூன்று கூப்பன் கொடுப்பார்கள். தன்னைப் போன்ற மூன்று பேருக்கு அதை அவர் கொடுக்கலாம். பேட்டி கொடுத்ததற்கு ஒரு சிறு தொகை, கூட்டிவந்த ஒவ்வொரு ஆளுக்கும் இன்னொரு சிறு தொகை. பெயர் கேட்பதில்லை. கூப்பன் எண்ணை வைத்து யார் யாரைக் கொண்டுவந்தார் என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். ஆள்மேல் ஆளாகச் சங்கிலி நீளும்.

2008-ல் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய மூன்று நகரங்களில் குறைந்த கூலிக்கு வேலை செய்யும் 4,387 பேரை இப்படித்தான் பேட்டி கண்டார்கள். பெரும்பாலானோர் வேறு நாடுகளிலிருந்து போனவர்கள், அதில் ஆவணம் இல்லாதவர்களும் நிறைய. அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. முந்தைய வாரத்தில் 26% பேருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கூடுதல் நேரம் உழைத்தவர்களில் 76% பேருக்கு அதற்குரிய கூலி வரவில்லை. எந்த அரசுப் பதிவேட்டிலிருந்தும் இந்த எண்களை எடுத்திருக்க முடியாது.

சரி, நண்பர் நண்பரைக் கூட்டிவந்தால் அது ஒரு கூட்டத்தின் கணக்காகத்தானே இருக்கும்? நியாயமான சந்தேகம். இங்கேதான் எடை என்ற விஷயம் வருகிறது.

ஒருவருக்கு 30 தொழிலாளர்களைத் தெரியும் என்றால், கூப்பன் அவரிடம் வந்து சேர 30 வாசல் திறந்திருக்கிறது. ஐந்து பேரை மட்டும் தெரிந்தவருக்கு ஐந்தே வாசல். அதனால் முதல் ஆள் சிக்குவதற்கு ஆறு மடங்கு வாய்ப்பு அதிகம். இதைச் சரிக்கட்ட, ஒவ்வொருவர் பதிலையும் அவருக்குத் தெரிந்தவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முன்னவரின் எடை 1/30, பின்னவரின் எடை 1/5.

ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பேரிடம் பேட்டி எடுத்தாயிற்று. 60 பேர் கம்பெனி கேம்ப்பில் இருப்பவர்கள், ஆளுக்கு 30 பேரைத் தெரியும். அதில் 12 பேருக்குச் சம்பளப் பாக்கி. மீதி 40 பேர் வீட்டு வேலை செய்பவர்கள், ஆளுக்கு ஐந்து பேரைத்தான் தெரியும். அதில் 24 பேருக்குப் பாக்கி. தலையை மட்டும் எண்ணினால் 100-க்கு 36. செய்தியில் 36% என்று வரும்.

இப்போது எடை போடுங்கள். கேம்ப்காரர்களின் மொத்த எடை 60/30, அதாவது 2. வீட்டு வேலைக்காரர்களின் எடை 40/5, அதாவது 8. மொத்தம் 10. பாக்கி உள்ளவர்களின் எடை 12/30-ம் 24/5-ம் சேர்த்து 5.2. விடை 52%. அதே 100 பேர், அதே பதில்கள். ஆனால் மூன்றில் ஒருவர் என்பது இரண்டில் ஒருவர் ஆகிவிட்டது. வீட்டு வேலை செய்பவர்கள் ஊரில் நிறையப் பேர், கூப்பன் அவர்களிடம் போய்ச்சேர்வதுதான் கஷ்டம் என்பதை எடை வெளியே கொண்டுவருகிறது.

ஆனால் எடையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. எல்லாமே "உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும்?" என்ற ஒற்றைக் கேள்வியில் தொங்குகிறது. சும்மா கேட்டால் ஆட்கள் 10, 20, 50 என்று முழு எண்ணாக அடித்துவிடுவார்கள். நம் கேம்ப்காரர்களுக்கு உண்மையில் 15 பேரைத்தான் தெரியும் என்று வையுங்கள். மறுபடி கணக்குப் போட்டால் 52% என்பது 47% ஆகிறது. அதேபோல் ஒரே ஒருவரைத்தான் தெரியும் என்று சொல்பவரின் குரல், 30 கேம்ப்காரர்களின் குரலுக்குச் சமமாகிவிடும். அதனால் கேள்வியை இறுக்கிக் கேட்க வேண்டும்: இந்த ஊரில் வேலை செய்பவர், உங்களுக்கு அவரைத் தெரியும், அவருக்கு உங்களைத் தெரியும், கடந்த 30 நாளில் பேசியிருக்கிறீர்கள், அப்படி எத்தனை பேர்?

உகாண்டாவின் ஒரு கிராமப்புறத்தில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கனவே முழுக் கணக்கும் கையில் இருந்த குடும்பத் தலைவர்கள் மத்தியில் கூப்பன் முறையை நடத்தி ஒப்பிட்டார்கள். 2012-ல் வெளிவந்த முடிவில், இளைஞர்களும் ஓரளவு வசதியானவர்களும் குறைவாகவே வந்திருந்தார்கள். எடை போட்ட பிறகும் அந்தச் சாய்வு சரியாகவில்லை. கூப்பன் வந்தாலும் வர விருப்பமோ நேரமோ இல்லாதவர்களை வகுத்தல் கணக்கு கொண்டுவந்துவிடாது.

சங்கிலி ஒரே கூட்டத்துக்குள் சுற்றுவது இன்னொரு சிக்கல். தமிழர் தமிழருக்கும் நேபாளி நேபாளிக்குமே கூப்பன் கொடுத்தால், ஆரம்பத்தில் யாரைப் பிடித்தோமோ அவர்கள் கதைதான் கடைசிவரை வரும். இதைக் கண்டுபிடிக்கலாம். பேட்டி ஏற ஏற விடை எப்படி மாறுகிறது என்று வரைந்து பார்த்தால் போதும். கடைசி 50 பேட்டியிலும் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கணக்கு இன்னும் நிலைக்கு வரவில்லை. கூட்டிவந்தவரும் வந்தவரும் ஒரே மாதிரி பதில் சொல்வதால், இதில் 400 பேரிடம் கேட்டது குலுக்கலில் 200 பேரிடம் கேட்டதற்குத்தான் சமம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சில சமயம் அதைவிடவும் மோசம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை வேறு. போனைப் பிடுங்கிவைத்து வீட்டுக்குள் பூட்டப்பட்ட பெண்ணுக்குத் தெரிந்தவர் எண்ணிக்கை பூஜ்யம். அவர் வீட்டுக்கு வாசலே கிடையாது. எந்தச் சங்கிலியும் அவரைத் தொடாது, எந்த எடையும் அவரைத் திருப்பிக் கொண்டுவராது. எனவே நல்லபடியாக எடுத்த கணக்கில் வரும் 52% கூட, அவரை விட்டுவிட்ட 52%தான்.

அடுத்த முறை ஒரு சதவீதம் உங்கள் போனுக்கு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் யாரிடமிருந்து ஆரம்பித்தார்கள்? எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்டு எடை போட்டார்களா? யாரை எட்டவே முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் தருகிற அறிக்கையைத்தான் நான் பகிர்வேன்.