இரண்டாம் பெயர்

திருச்செந்தூர் போன்ற கல்லூரி ஊர்களில், சுயநிதிப் பிரிவின் உதவிப் பேராசிரியர் நேர்காணல் முடிந்தபின், "முதலில் தேர்வானவர் இன்னும் சம்மதிக்கவில்லை, அடுத்த பெயர் உங்களுடையது" என்று அலுவலகம் சொல்வது நிராகரிப்பும் அன்று, நியமனமும் அன்று. செந்தூர் எக்ஸ்பிரஸின் காத்திருப்புப் பட்டியலைப் போல, முன்னிருப்பவர் விலகினால்தான் இடம் உறுதியாகும். அப்போது கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: முதலாமவர் பதில் தர வேண்டிய கடைசி நாள் எது? அது வெள்ளிக்கிழமை எனில், விருப்பம் மாறவில்லை என்றும் எத்தேதியில் சேர இயலும் என்றும் கூறும் நான்கு வரி மின்னஞ்சலை உடனே அனுப்பிவிட்டு, அடுத்த செவ்வாய் வரை தொலைபேசியைத் தொடாதிருப்பதே முறை. முடிவு தெரிந்தபின்னும் நிர்வாகத்தின் கையெழுத்துக்கு ஓரிரு நாள் ஆகக்கூடும். முதலாமவர் யாரென்று துருவுவதும், சிபாரிசுக்கு ஆள் பிடிப்பதும் (அதற்கு எந்த ஊரிலும் குறைவில்லை) கெடுதலே செய்யும். வேறொரு கல்லூரியின் நியமன ஆணை கையில் இருந்தால், அதற்குப் பதில் தர வேண்டிய நாளைக் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதலாம். இல்லாத ஆணையைக் காட்டி நெருக்கினால், "அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள்" என்ற பதில் வரலாம். கெடு இருமுறை தள்ளிப்போனால், முதலாமவர் ஊதியம் பேசிக்கொண்டிருக்கிறார், அல்லது பழைய பணியிடம் தரும் விடுவிப்பு ஆணைக்குக் காத்திருக்கிறார் என்று ஊகிக்க இடமுண்டு. சம்மதம் தெரிவித்தவரே வகுப்பு தொடங்கும் நாளில் வராமல் போவதும் உண்டு என்பதால், இடம் நிரம்பிவிட்டது என்று கேட்டபின்னும் அந்த வாரத்தில் ஒருமுறை விசாரிப்பது வீணாகாது.