உணவை நகர்த்துவது யார்?

2022-ஆம் ஆண்டில் என்.சி.இ.ஆர்.டி. தன் பாடச்சுமையைக் குறைத்தபோது, பதினோராம் வகுப்பு உயிரியலிலிருந்து செரிமானமும் உறிஞ்சுதலும் பற்றிய இயல் முழுமையாக நீக்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் சில பத்திகள் எஞ்சியுள்ளன. நீக்கத்தை எதிர்த்தோர் பலரும் மருத்துவக் கல்விக்கு நேரும் இழப்பைப் பற்றியே பேசினர். ஆனால் நீக்கப்பட்ட இயலும் செரிமானத்தை ஒரு வேதியியல் பட்டியலாகவே அணுகியது. எந்தச் சுரப்பி எந்த நொதியைச் சுரக்கிறது, அது எதனை எதுவாக உடைக்கிறது என்பதே அதன் மையம். உணவு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்திற்கு எவ்வாறு செல்கிறது, எப்போது செல்ல வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார் என்ற வினாவுக்குச் சில வரிகளே கிடைத்தன. பள்ளி வாழ்க்கையில் ஒரு குழந்தையின் உடலை நேரடியாகத் தொடும் வினாவோ அதுதான்.

தமிழில் இவ்வினாவை இலக்கணமே எழுப்பிவிடுகிறது. ‘உணவு இறங்குகிறது’ என்பது தன்வினை. ‘இறக்குகிறது’ என்று பிறவினையாக்கினால் உடனே ஓர் எழுவாய் தேவைப்படுகிறது. பேச்சு வழக்கும் பாடநூலும் தன்வினையோடு நின்றுவிடுவதால், உணவு தன் எடையாலேயே கீழே செல்வது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. தலைகீழாகத் தொங்குபவராலும் விழுங்க முடியும். எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களும் உண்கிறார்கள். எனவே எடை இங்கே எழுவாய் ஆகாது. எழுவாயைத் தேடும் மாணவருக்குக் கிடைக்கும் ஆயத்த விடை ‘மூளை’ என்பது. அந்த விடை உணவுப்பாதையின் தொடக்கத்திற்கு மட்டுமே பெருமளவு பொருந்துகிறது.

மெல்லுவதும், மென்ற கவளத்தை நாக்கினால் பின்னோக்கித் தள்ளுவதும் மனிதர் விருப்பத்தால் செய்பவை. கவளம் தொண்டையைத் தொட்டதும் விருப்பம் விலகிக்கொள்கிறது. அங்கிருந்து முகுளத்திலுள்ள விழுங்கு மையம் பொறுப்பேற்கிறது. ஏறத்தாழ ஒரு நொடிக்குள் மூக்கறைக்குச் செல்லும் வழி அடைபடுகிறது, மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கிறது, உணவுக்குழாயின் மேல்வாய் திறக்கிறது. தொடங்கிய விழுங்கலை இடையில் நிறுத்த எவராலும் இயலாது. பக்கவாதம் முகுளத்தைத் தாக்கும்போது தசைகளில் எக்குறையும் இல்லாமலேயே விழுங்கல் குலைந்து, நீர் மூச்சுக்குழாய்க்குள் செல்வது இதனால்தான். பின்னர், சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயை ஓர் அலை பத்து நொடிக்குள் கடக்கிறது. அதன் மேற்பகுதித் தசைகள் முகுளத்தின் நேரடி ஆணையில் இயங்குபவை. கீழ்ப்பகுதித் தசைகள் வேறு வகையின. வேகஸ் நரம்பு அவற்றிற்குச் செய்தி அனுப்புகிறது என்றாலும், சுவருக்குள்ளேயே இருக்கும் நரம்பணுக்கள்தாம் அதனைச் செயலாக்குகின்றன. அதிகாரம் கைமாறத் தொடங்குவது இங்கேதான்.

இரைப்பைக்கு வந்தபின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரைப்பைக்கு அடுத்துள்ள உறுப்பு. இரைப்பையின் தசையில் நிமிடத்திற்கு மூன்று என்ற தாளத்தை காஹால் அணுக்கள் எழுப்புகின்றன. உணவு அந்தத் தாளத்தில் அரைபட்டு, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாகிக் கீழ்வாய் வழியே சிறிது சிறிதாக வெளியேறுகிறது. முன்சிறுகுடலுக்கு வந்து சேர்வதில் கொழுப்போ அமிலமோ மிகுந்தால், அது நரம்பு வழியாகவும் இயக்குநீர் வழியாகவும் இரைப்பையைத் தாமதிக்கச் சொல்கிறது. எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் ‘நின்றுவிட்டது’ என்று சொல்வோர், நிறுத்தியது குடல் என்பதை அறியாமலேயே சரியான வினைச்சொல்லைத் தேர்ந்துவிடுகிறார்கள்.

சிறுகுடலைப் பற்றிய தெளிவு 1899-இல் கிடைத்தது. லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் இரு உடலியலாளர்கள் நாயின் குடலுக்குச் செல்லும் வெளி நரம்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டுச் சோதித்தனர். குடலின் ஓரிடத்தை உள்ளிருந்து விரிவடையச் செய்தபோது, அவ்விடத்திற்கு மேற்புறம் சுருங்கியது, கீழ்ப்புறம் தளர்ந்தது. மூளையோடும் தண்டுவடத்தோடும் தொடர்பு அற்ற நிலையிலும் இது நிகழ்ந்தது. அதன்பின் 1917-இல் ட்ரெண்டலென்பர்க் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர், கினிப்பன்றியின் குடல் துண்டை உடலுக்கு வெளியே வெதுவெதுப்பான கரைசலில் வைத்தும் இந்த அலையை எழுப்பிக் காட்டினார்.

பெரிஸ்டால்சிஸ் எனப் பாடநூல்கள் கூறும் அலையியக்கத்தில் சுருங்குவதற்கு நிகராகத் தளர்வதும் ஒரு செயல் என்பதே இவற்றிலிருந்து பெறத்தக்க முதன்மையான செய்தி. முன்னே வழி விடாவிட்டால் பின்னே தள்ளிப் பயனில்லை. மேலே சுருக்கு, கீழே தளர்த்து என்னும் இரு ஆணைகளையும் பிறப்பிப்பவை குடற்சுவரின் அடுக்குகளுக்கிடையே வலையாகப் பின்னிக் கிடக்கும் நரம்பணுக்கள். அவற்றின் எண்ணிக்கை பத்துக் கோடிக்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. கேம்பிரிட்ஜின் லாங்லி 1921-இல் வெளியிட்ட நூலில் இதனைத் தனியொரு நரம்பு மண்டலமாகவே வகுத்தார். தமிழ்ப் பாடநூல்கள் இந்த இயக்கத்தை ‘அனிச்சை’ என்னும் ஒரே சொல்லில் அடக்குகின்றன. ‘இச்சையின்றி’ என்பது யார் செய்யவில்லை என்பதைச் சொல்கிறதே ஒழிய, யார் செய்கிறார் என்பதைச் சொல்வதில்லை. விழுங்கலும் அனிச்சை, குடலலையும் அனிச்சை என்று எழுதும்போது, முகுளத்தின் வேலையும் குடலின் வேலையும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்த வேறுபாடு சொற்சண்டை அன்று என்பதை ஒரு நோய் காட்டுகிறது. கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886-இல் பெர்லினில் இரு குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். இருவரும் கடும் மலச்சிக்கலால் இறந்தவர்கள். அவர்களது பெருங்குடல் மிகப் பெரிதாக விரிந்திருந்தது. விரிந்த பகுதியே நோயுற்றது என அவர் கருதினார். பின்வந்தோரும் நெடுங்காலம் அவ்வாறே கருதினர், விரிந்த பகுதியை வெட்டியெடுத்தனர், நோய் திரும்பியது. உண்மையில் விரிந்த பகுதி நலமானது. அதற்குக் கீழே, பார்வைக்கு இயல்பாகத் தோன்றிய குறுகிய பகுதியில்தான் நரம்பணுக்கள் அறவே இல்லை. கருவில் இந்த அணுக்கள் கழுத்துப் பகுதியிலிருந்து புறப்பட்டுக் குடல் நெடுகிலும் பயணம் செய்து, ஏறத்தாழ ஏழாம் வாரத்தில் கடைசி முனையை அடைகின்றன. பயணம் பாதியில் நின்றால் கடைசிப் பகுதி வெறுமையாகிறது. அப்பகுதியால் தளர முடியாது. மேலிருந்து வரும் அலை அந்த இறுகிய வாயிலில் மோதித் தேங்க, மேற்குடல் விரிகிறது. 1948-இல் ஓர்வார் சுவென்சனும் அலெக்சாண்டர் பில்லும் குறுகிய பகுதியை நீக்கி, நலமான குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவையை வெளியிட்ட பிறகே குழந்தைகள் பிழைத்து வாழத் தொடங்கினர்.

நோயுற்ற பகுதியின் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒன்று தெரியும். வெளியிலிருந்து வரும் நரம்புக் கற்றைகள் அங்கே உள்ளன, வழக்கத்தை விடத் தடித்தும் உள்ளன. உள்ளூர் அணுக்கள் மட்டுமே இல்லை. வெளிநரம்புகள் வந்து சேர்ந்தும் தளர்த்தும் ஆணை பிறக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஏறத்தாழ ஐயாயிரம் பிறப்புகளில் ஒன்றில் இந்நோய் காணப்படுகிறது. நிறைமாதக் குழந்தை கரும்பச்சை நிற முதல் மலத்தை 48 மணி நேரத்திற்குள் கழிக்காவிட்டால், வயிறு உப்பிப் பச்சை நிற வாந்தியும் சேர்ந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

விருப்பம் மீண்டும் தலைகாட்டுவது பாதையின் இறுதி முனையில். பெருங்குடலில் உணவின் எச்சம் ஒரு நாளுக்கும் மேலாக மெல்ல நகர்கிறது. நாளில் சில முறை மட்டும் ஒரு பேரலை எழுந்து அதனை மலக்குடலை நோக்கித் தள்ளுகிறது. உணவு இரைப்பையை அடைவதே இப்பேரலையைத் தூண்டும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. காலையுணவுக்குப் பின் கழிப்பறையை நாடுவது பழக்கமாகத் தோன்றினாலும் அதன் அடியில் இருப்பது இந்த எதிர்வினையே. மலக்குடல் விரிந்ததும் ஆசனவாயின் உட்சுருக்குத்தசை எவரையும் கேளாமல் தளர்கிறது. வெளிச்சுருக்குத்தசை மட்டும் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது. பொழுதும் இடமும் பொருந்தாவிட்டால் மனிதர் அதனை இறுக்கிக்கொள்ளலாம். மலக்குடல் அந்த அளவுக்குத் தன்னைத் தளர்த்திக்கொள்ள, உந்துதல் மறைகிறது.

பள்ளிகளின் கழிப்பறை விதி அமைந்திருப்பது இந்த மறைதலின் மீதுதான். பாடவேளையில் வெளியே செல்ல இசைவு கேட்கும் குழந்தைக்கு ‘இடைவேளை வரை பொறு’ என்பதே வழக்கமான மறுமொழி. பொறுத்த பின் குழந்தை மீண்டும் கேட்பதில்லை. ஆகவே முதலில் கேட்டது சாக்கு என்று ஆசிரியர் முடிவு செய்கிறார். இடைவேளையிலும் அக்குழந்தை செல்வதில்லை, ஏனெனில் உந்துதல் அப்போது இல்லை. தாழ்ப்பாள் இல்லாத, நீர் வராத கழிப்பறை என்றால் செல்வதற்கு விருப்பமும் இல்லை. உந்துதல் போய்விட்டாலும் மலம் அங்கேயே இருக்கிறது. குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது கெட்டியாகிறது. மறுநாள் கழிக்கும்போது வலிக்கிறது. வலியை நினைத்து மூன்றாம் நாள் குழந்தை தானே அடக்குகிறது. வாரங்கள் செல்ல மலக்குடல் விரிந்துபோய், பழைய அளவு விரிவை ஒரு செய்தியாகவே உணர்வதில்லை.

இந்நிலையில் கெட்டி மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உள்ளாடை கறைபடும். குழந்தைக்கு அது தெரிவதும் இல்லை. வீட்டில் இதனை வயிற்றுப்போக்கு என்று எண்ணி, அதனை நிறுத்தும் மருந்து கொடுத்தால் நிலை மேலும் மோசமாகும். வகுப்பில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு, அவற்றை எழுத வேண்டியதில்லை. பிறவி நோயையும் இதனையும் பிரித்தறிய மருத்துவர் முதலில் கேட்பது, தொல்லை எப்போது தொடங்கியது என்பதைத்தான். பிறந்த சில நாள்களிலேயே என்றால் நரம்பணுக்கள்மீது ஐயம் எழும். இயல்பாக இருந்துவந்த குழந்தைக்குப் பள்ளியில் சேர்ந்த ஆண்டில் என்றால், பெரும்பாலும் வெளிச்சுருக்குத்தசையை இறுக்கப் பழகியதன் விளைவு.

ஒழுக்கத்தின் பெயரால் இவ்விதியைக் காப்பவர்கள், விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது ஒரே ஒரு தசை என்பதையும் அதற்குப் பின்னால் உள்ளவை நேர அட்டவணையை அறியாதவை என்பதையும் கருத்தில் கொள்வதில்லை. வகுப்பு சலசலக்கும், எல்லோரும் எழுந்து போவார்கள் என்ற அச்சம் பொய்யன்று. சாக்குச் சொல்லும் மாணவரும் உண்டு. ஆனால் சாக்கையும் உந்துதலையும் வெளியிலிருந்து பிரித்தறிய எவராலும் முடியாது என்பதால், தவறினால் எந்தப் பக்கம் தவறுவது என்பது மட்டுமே பள்ளியின் கையில் உள்ள தேர்வு. விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். அத்தனை மாதமும் மலமிளக்கியோடு, ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் சில நிமிடம் கழிப்பறையில் அமரச் சொல்வது குழந்தை மருத்துவர்களின் வழக்கம். அவற்றுள் ஒன்று மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளையில் வந்து விழுகிறது.