குத்தியது ஒருவர், ரத்தம் வேண்டாம் என்றது இன்னொருவர்... மரணத்துக்கு யார் காரணம்?

இங்கிலாந்து. 1974ஆம் ஆண்டு மே மாதம். 18 வயதுப் பெண் ஒருவரை ராபர்ட் புளோ எனும் ஆடவர் நான்கு முறை கத்தியால் குத்துகிறார். ஒரு குத்து நுரையீரலைத் துளைக்கிறது.

மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண்ணிடம், "அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும், அதற்கு முன் ரத்தம் ஏற்றவேண்டும்" என்கிறார் மருத்துவர். அவரோ யெகோவாவின் சாட்சிகள் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களது நம்பிக்கைப்படி பிறர் ரத்தத்தை ஏற்றிக்கொள்ளக்கூடாது. ஏற்றாவிட்டால் உயிர் போய்விடும் என்று சொன்ன பிறகும் அவர் மறுத்துவிட்டார். அதை எழுத்திலும் உறுதிப்படுத்தினார். மறுநாள் மாண்டார்.

ரத்தம் ஏற்றியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பதை அரசாங்கத் தரப்பே ஒப்புக்கொண்டது.

அப்படின்னா, அவரைக் கொன்றது யார்? கத்தியா, அவரது முடிவா? உங்கள் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்து படியுங்கள்.

முதல் கேள்வி: அது நடக்காவிட்டால்?

ஒருவர்மீது கொலைக்குற்றம் சுமத்தவேண்டுமானால், இன்னொருவரின் மரணத்துக்கு அவரது செயல்தான் காரணம் என்பதை முதலில் நிரூபிக்கவேண்டும். இதைக் காரணத் தொடர்பு என்கிறோம். அதற்கான முதல் சோதனை ரொம்ப எளிமையானது. குற்றஞ்சாட்டப்பட்டவர் அதைச் செய்யாவிட்டாலும் அந்த மரணம் அப்படியேதான் நடந்திருக்குமா?

1910ஆம் ஆண்டின் ஒயிட் வழக்கைப் பாருங்கள். தாயைக் கொல்லும் நோக்கத்தில் மகன் அவரது பானத்தில் சயனைடு கலந்தார். தாய் இறந்துகிடந்தார். ஆனால் கிண்ணத்தில் பெரும்பகுதி பானம் அப்படியே இருந்தது. மாரடைப்பால் அவர் மாண்டிருக்கலாம் என்று மருத்துவச் சான்று கூறியது. கலந்திருந்த நஞ்சும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இல்லை. நஞ்சு இல்லாவிட்டாலும் தாய் இறந்திருப்பார். எனவே அது கொலை இல்லை. மகன் தப்பித்துவிட்டாரா? அதுவும் இல்லை. கொலை முயற்சிக்காகத் தண்டிக்கப்பட்டார்.

புளோ வழக்கில் இந்தச் சோதனைக்குப் பதில் சுலபம். அவர் குத்தாவிட்டால் அந்தப் பெண் மருத்துவமனைக்கே போயிருக்கமாட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். இந்தச் சோதனை வலையை ரொம்ப அகலமாக வீசுகிறது. கத்தியைத் தயாரித்தவர் இல்லாவிட்டாலும் அந்தக் குத்து நடந்திருக்காதே! அதனால்தான் நீதிமன்றங்கள் இரண்டாவது கேள்வியையும் கேட்கின்றன.

இரண்டாவது கேள்வி: நடுவில் யார் வந்தார்?

காயத்துக்கும் மரணத்துக்கும் இடையே வேறு ஏதாவது நடந்து, சங்கிலி அறுந்துபோயிருக்கலாம். இதை இடையீட்டுச் செயல் என்கிறோம். அடிக்கடி எழும் வாதம், "நான் குத்தினேன், ஆனால் சாகடித்தது மருத்துவர்தான்" என்பது.

1956இல் ஜோர்டன் வழக்கில் அந்த வாதம் எடுபட்டது. கத்திக்குத்துக்கு ஆளானவர் சுமார் ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் மாண்டார். அதற்குள் காயம் பெரும்பாலும் ஆறிவிட்டது. ஒரு மருந்து அவரது உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகும் அது மறுபடியும் கொடுக்கப்பட்டது. நரம்புவழி அளவுக்கு அதிகமான திரவமும் ஏற்றப்பட்டது. கொலைத் தீர்ப்பு ரத்தானது.

மூன்றே ஆண்டில், ஸ்மித் வழக்கில் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. ராணுவ முகாமில் நடந்த சண்டையில் வீரர் ஒருவர் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தப்பட்டார். தூக்கிச்சென்றவர்கள் வழியில் அவரை இரண்டு முறை கீழே போட்டுவிட்டனர். நுரையீரல் துளைக்கப்பட்டதை மருத்துவக் குழு கவனிக்கவில்லை. சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் அவர் பிழைக்க 75 விழுக்காடு வாய்ப்பு இருந்ததாகக் கூறப்பட்டது. இருந்தாலும் கொலைத் தீர்ப்பு நிலைத்தது.

வித்தியாசம் எங்கே? சிகிச்சை எவ்வளவு மோசம் என்பதில் மட்டும் இல்லை. மரண நேரத்தில் அந்தக் காயம் இன்னும் "வேலை செய்துகொண்டிருந்ததா" என்பதில் இருக்கிறது. ஸ்மித் வழக்கில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ஜோர்டன் வழக்கில் காயம் வெறும் பின்னணியாகிவிட்டது.

மூன்றாவது கேள்வி: பலவீனம் யாருடையது?

புளோவின் வழக்கறிஞர் இங்குதான் பிடித்துக்கொண்டார். ரத்தத்தை மறுத்தது நியாயமற்ற முடிவு, அதுவே சங்கிலியை அறுத்துவிட்டது என்று வாதிட்டார்.

1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மற்றவர்மீது கைவைப்பவர், அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே அவரை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது பழைய விதி. ஒருவரின் மண்டையோடு முட்டை ஓடுபோல் மெல்லியதாக இருந்தால், "எனக்கு எப்படித் தெரியும்?" என்று அடித்தவர் தப்பிக்க முடியாது. நீதிமன்றம் அதை இன்னொரு படி நீட்டியது. உடல் மட்டுமல்ல, சமய நம்பிக்கையும் அந்த மனிதரின் ஒரு பகுதிதான். மரணத்துக்குக் காரணம் கத்திக்குத்து. சிகிச்சையை மறுத்தது, குத்தின் விளைவைத் தடுக்காமல் விட்டது, அவ்வளவுதான்.

புளோவின் மனநலப் பாதிப்பு காரணமாக அவர்மீதான தீர்ப்பு கொலை என்பதிலிருந்து, அதைவிடக் குறைந்த குற்றமான மரணம் விளைவித்தலாகக் குறைந்திருந்தது. அந்தத் தீர்ப்பு அப்படியே நிலைத்தது.

நம்ம ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூர், மலேசியா இரண்டின் தண்டனைச் சட்டத்திலும் 299ஆம் பிரிவில் இதற்கான விளக்கங்கள் இருக்கின்றன. நோயாளி ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தி அவரது மரணத்தை விரைவுபடுத்தினால், அந்த மரணத்தை நீங்களே விளைவித்ததாகக் கருதப்படும் என்கிறது ஒன்று. காயத்தால் மரணம் நேர்ந்தால், முறையான சிகிச்சை அதைத் தடுத்திருக்கக்கூடும் என்பது உங்களைக் காப்பாற்றாது என்கிறது மற்றொன்று.

அப்போ, நண்பரோடு வாக்குவாதம், கோபத்தில் ஒரு தள்ளு, அவருக்கு யாருக்கும் தெரியாத இதய நோய், அவர் மாண்டுவிட்டார் என்றால் உங்கள்மீது கொலைக்குற்றமா?

இங்கேதான் பலர் குழம்பிவிடுகிறார்கள். மெல்லிய மண்டையோட்டு விதி, "யார் காரணம்?" என்ற கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. "மனத்தில் என்ன இருந்தது?" என்பது தனிக் கேள்வி. 300ஆம் பிரிவில் ஓர் உதாரணமே இருக்கிறது. ஒருவருக்கு நோய் இருப்பதும், ஓர் அடி அவரைக் கொன்றுவிடக்கூடும் என்பதும் தெரிந்தே அடித்து அவர் மாண்டால், அது கொலை. தெரியாமல், ஆரோக்கியமான ஒருவரைக் கொல்லாத அளவுக்கே அடித்திருந்தால், கொல்லும் எண்ணமும் இல்லாதபோது, அது கொலை இல்லை.

ஆனால் அதோடு முடிந்துவிடாது. வேண்டுமென்றே காயம் விளைவித்த குற்றம் அப்படியே இருக்கும். சிங்கப்பூரில் 2020 முதல் 323ஏ என்ற பிரிவும் நடப்பில் உள்ளது. சாதாரணக் காயத்தை மட்டுமே எண்ணி அடித்து, அது கடுங்காயமாக முடிந்தால் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கப்படலாம். சட்டத்தில் கடுங்காயம் என்பதற்குள் மரணமும் அடங்கும்.

எனவே, அடுத்த முறை கைகலப்பில் ஒருவர் மாண்டதாகச் செய்தி வந்து, சுமத்தப்பட்ட குற்றம் கொலை இல்லை என்றால், உடனே "ஏன் இவ்வளவு இலேசான குற்றச்சாட்டு?" என்று கேட்டுவிடாதீர்கள். மரணத்துக்கு அவர் காரணம் என்பதில் வழக்கறிஞர்களுக்குச் சந்தேகம் இல்லாமல் இருக்கலாம். அவரது மனத்தில் என்ன இருந்தது என்பதில்தான் கேள்வி இருக்கக்கூடும்.