ஆரம்ப வட்டி முடிந்த பிறகு



தினமும் ரயிலில் பெங்களூர் போய்வரும் எங்கள் ஊர் இளைஞர்கள் இங்கே வீடு வாங்கும்போது, ஆரம்ப வட்டியை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். 2009இல் ஸ்டேட் வங்கி முதல் ஆண்டுக்கு 8 சதவீதம் என்று கடன் கொடுத்தது. பின்னால் தவணை தவறுமோ என்று அஞ்சிய ரிசர்வ் வங்கி, 2010 நவம்பரில் இத்தகைய கடன்களுக்கு வங்கிகள் வைக்கவேண்டிய ஒதுக்கீட்டை 0.4லிருந்து 2 சதவீதமாக்கியது.

கணக்கு இதுதான். 20 லட்சம், 20 ஆண்டு, 8 சதவீதம்: மாதத் தவணை 16,729 ரூபாய். மூன்றாண்டு கழித்து வட்டி 10.5 ஆனால், மீதி 18.62 லட்சத்துக்குத் தவணை சுமார் 19,600. தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினால் இன்னும் 35 ஆண்டு கட்டவேண்டும்! முதல் மாதம் 433 ரூபாய்தானே அசலுக்குப் போகிறது? தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருப்பவர் முதலில் பார்க்கவேண்டியது மீதி மாதங்களைத்தான்.

கடன் வாங்கிய முதல் மாதத்திலிருந்தே இரு தவணைகளின் வித்தியாசமான சுமார் 2,900 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டால், மூன்றாண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் சேரும். அதை அசலில் கட்டினால் புதிய தவணை 1,050 ரூபாயாவது குறையும். மாறும் வட்டி வீட்டுக்கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன்தாரரே தேர்ந்தெடுக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது; வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாசகர்,
ராபர்ட்சன்பேட்டை