பெற்றோர் சொல்ல, பிள்ளைகள் எழுதும் கருத்துரை

மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் முதியோர் பலருக்குக் கையொப்பமிடத் தெரியும். தட்டச்சு செய்யத் தெரியாது. 1991-ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தின்போது எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்களும் இவர்களுள் உண்டு. ஆயினும் கைப்பேசித் திரையில் தம் கருத்தை எழுதிப் பதிவிடுவது அவர்களால் இயலாத செயல். ஆகவே மருத்துவமனையைப் பற்றிய கருத்துரையை மகனோ மகளோ எழுதுகிறார்கள். அவ்வாறு எழுதப்படுவது உண்மையில் யாருடைய கருத்து என்னும் கேள்வியை நாம் கேட்பதில்லை.

நடுவணரசு 2016-ஆம் ஆண்டு தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் நோயாளி கொடுத்த கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியோ பதிவு செய்யப்பட்ட குரல் அழைப்போ வரும்; சிகிச்சை மனநிறைவு அளித்ததா, இல்லையெனில் காரணம் என்ன என்று கேட்கும். நம் குடும்பங்களில் பதிவுச் சீட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் மகனின் எண்ணே. அழைப்பு அவருக்கு வருகிறது. படுக்கையில் இருந்தவர் அருகில் இல்லாமலேயே விடை போய்விடுகிறது. கூகுள் வரைபடத்தில் எழுதும் கருத்துரையிலும் இதே நிலைதான். அங்கே தோன்றுவது கணக்கு வைத்திருப்பவரின் பெயர். சிகிச்சை பெற்றவரின் பெயரன்று.

மகன் கண்டதும் தாய் கண்டதும் ஒன்றல்ல என்பதால்தான் இது பொருட்படுத்தத் தக்கதாகிறது. ஓர் எடுத்துக்காட்டாக, கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய எழுபத்து நான்கு வயது மூதாட்டி ஒருவர் தம் மகனிடம் பின்வருமாறு சொல்வதாகக் கொள்வோம்:

“காலைல ஒக்காந்தவ, மத்தியானந்தான் கூப்பிட்டாக. கண்ணச் சுத்தி ஊசி போட்டப்ப வலிச்சுச்சுப்பா. முன்னாடியே சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். மறுநாள் கட்டப் பிரிச்சா, எதுத்தாப்புல நின்ன புள்ள மொகம் பளிச்சுன்னு தெரியுது. சொட்டு மருந்து ரெண்டு குடுத்தாக. எது எப்பன்னு எனக்கு எங்க படிக்கத் தெரியும்? மூடி நெறத்தச் சொல்லிக் குடுத்துச்சே ஒரு பொண்ணு, அது நல்லா இருக்கணும்.”

மகன் இதனைச் சுருக்கி, ‘சிறந்த மருத்துவமனை, கனிவான ஊழியர்கள், காத்திருப்பு நேரம் சற்று அதிகம், வண்டி நிறுத்த இடமில்லை’ என்று எழுதிவிடுகிறார். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால் ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லவில்லை என்ற குறை மறைந்துவிட்டது. மருத்துவமனை நாளையே திருத்திக்கொள்ளக்கூடிய குறை அது. மூடியின் நிறத்தைக் கொண்டு மருந்தை அடையாளம் காட்டிய செய்தியும் மறைந்துவிட்டது. படிக்கத் தெரியாத அடுத்த நோயாளிக்கு அதுவே பயன்படும். வண்டி நிறுத்தும் இடமோ தாய் சொல்லாதது. அது மகனின் குறை.

இதற்கு மாறான பிழையும் நேரக்கூடும். ‘வலிச்சுச்சு’ என்று தாய் சொன்னதை, ‘ஊசியைத் தவறாகப் போட்டனர்’ என்று மகன் சினத்துடன் எழுதிவிடலாம். கண்ணைச் சுற்றியுள்ள பகுதியை மரத்துப்போகச் செய்யும் ஊசி சரியாகப் போடப்பட்டாலும் வலிக்கக்கூடும். தாய் உணர்ந்தது வலி. தவறு என்பது மகனின் ஊகம். அந்த ஊகத்தைத் தாயின் வாயில் வைத்துப் பழி சுமத்துவது தாய்க்கும் நன்றன்று, ஊசி போட்டவருக்கும் நன்றன்று.

இதற்கு நம்மிடையே நெடுநாள் வழக்கம் ஒன்று உண்டு. எழுதத் தெரியாதவருக்காகப் பத்திரம் எழுதும்போது, அதனை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பின்னரே கைந்நாட்டு வாங்குவர். எழுதியவர் தம் பெயரையும் தனியே குறிப்பார். சொன்னவர் யார், எழுதியவர் யார் என்பது அங்கே தெளிவாக இருக்கும். கருத்துரைக்கும் அம்முறையே போதும் என்பது என் எண்ணம்.

முதலில், கேட்கும் முறை. வார்டில் செவிலியர் நிற்கும்போது கேட்டால், எல்லாம் நன்று என்றே விடை வரும். வீடு திரும்பி ஓரிரு நாள் கழித்து, சாப்பிட்டு ஓய்ந்திருக்கும் வேளையில் கேட்பது நலம். ‘நல்லாப் பாத்தாங்களா?’ என்று கேட்பதைவிட, ‘போனதுலேருந்து என்னம்மா நடந்துச்சு?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமலிருக்க வேண்டும். அவர் இசைந்தால் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து, எழுதும் முறை. திரும்பத் திரும்பச் சொன்னதை நீக்கலாம். நிகழ்ந்த வரிசைப்படி அமைக்கலாம். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்க வேண்டிய கட்டாயமில்லை. பேச்சுத் தமிழில் எழுதினால் பிறர் இழிவாக நினைப்பரோ என்று சிலர் தயங்குகின்றனர். படிப்பவர் தேடுவது நடையழகன்று. நடந்தது என்ன என்பதே. அவர் சொல்லாத ஒன்றைச் சேர்க்கலாகாது. நட்சத்திர மதிப்பீட்டையும் அவரே தரவேண்டும். ‘அஞ்சுக்கு எத்தன குடுப்பீங்க?’ என்று கேட்டால், ‘நாலு குடு, அந்த ஊசிக்கு ஒண்ணு கொறச்சுக்க’ என்று அவர் சொல்லக்கூடும். அந்தக் காரணத்தையும் எழுதிவிடலாம்.

முதல் வரி, ‘என் தாயார் சொன்னதை நான் எழுதுகிறேன்’ என்று இருக்கட்டும். பிள்ளையின் கருத்து தனியே வேண்டுமெனில், இறுதியில் ‘உடனிருந்த என் கருத்து’ என்று பிரித்து எழுதலாம். வண்டி நிறுத்தும் இடம் அங்கே வரட்டும். மருந்துச் சீட்டின் படத்தை இணைக்கலாகாது. அதில் அவருடைய பெயர், வயது, நோய் யாவும் உள்ளன. பக்கத்துப் படுக்கையில் இருந்தவரைப் பற்றிய செய்தியும் வேண்டா.

இனி, இசைவு. சிகிச்சைக்குத் தந்த இசைவு இதற்குச் செல்லாது. ‘எழுதட்டுமா?’ என்று கேட்டதற்குத் தலையசைத்தாலும் போதாது. எழுதியது எங்கே செல்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘இத ஊருல யாரு வேணும்னாலும் படிக்கலாம்மா, என் பேருதான் மேல வரும், ஒங்க மகன்னு தெரிஞ்சவங்களுக்கு அது ஒங்களப் பத்தினதுன்னு தெரிஞ்சுரும்’ என்று விளக்கிச் சொல்லி, எழுதியதை முழுவதும் படித்துக் காட்டி, எதை நீக்கவேண்டும் என்று கேட்க வேண்டும். ‘எதையாவது நீக்கட்டுமா?’ என்பதைவிட ‘எத எடுத்துரலாம்?’ என்று கேட்பது, மறுத்துச் சொல்வதை அவருக்கு எளிதாக்கும். பதிவிட்ட பின்னர் அவர் மனம் மாறினாலும், திருத்தவோ நீக்கவோ இயலும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

‘வேணாம்ப்பா, நாளைக்கு அங்கதானே போகணும்’ என்று அவர் சொன்னால், அத்துடன் நிறுத்திவிட வேண்டும். அந்த அச்சம் தேவையற்றது என்று வாதிடுவது நம் வேலையன்று. அவர் விரும்பினால், பெயரின்றி ஒரு தாளில் எழுதி மருத்துவமனையின் கருத்துப் பெட்டியில் இடலாம்.

நினைவிழப்பு நோயால் பொருள் உணர்ந்து இசைவு தர இயலாதவராக இருந்தால், அவர் பெயரால் எழுதலாகாது. உடனிருந்தவர் தாம் கண்டதைத் தம் பெயரில், ‘நான் கண்டது’ என்று எழுதலாம். அவர் என்ன உணர்ந்திருப்பார் என்று ஊகித்து எழுதவேண்டுவதில்லை.

இவ்வளவுக்கும் கால் மணி நேரமே ஆகும். அடுத்த முறை கருத்துக் கேட்கும் அழைப்பு உங்கள் கைப்பேசிக்கு வந்தால், விடை சொல்லுமுன் அதனைச் சிகிச்சை பெற்றவரின் கையில் கொடுங்கள்.