அடித்துவிட்ட பூச்சியமும் நிரப்பப்படும் புள்ளியும்

மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள வட்டாரக் கல்வி நிறுவனத்தில் தென்மாநிலங்கள் அனைத்திலிருந்தும் வருங்காலக் கணித ஆசிரியர்கள் பயில்கின்றனர். தமிழ்நாட்டு மாணவர்களும் அவர்களில் உண்டு. நாளை இவர்கள் நடத்தவிருக்கும் பாடங்களில், பார்வைக்கு மிக எளியதாகவும் உள்ளே மிகவும் வழுக்கலாகவும் இருப்பது ஒன்று: (x² − 9)/(x − 3) என்ற சார்பை x = 3 இல் தொடர்ச்சியுடையதாக்குவது. மேலும் கீழும் (x − 3) ஐ அடித்துவிட்டு, எஞ்சிய x + 3 இல் 3 ஐப் பிரதியிட்டு, விடை 6 என்று எழுதி முடிப்பதே வகுப்பறை வழக்கம். விடை சரி. ஆனால் அந்த இரண்டு வரிகளில் மூன்று வெவ்வேறு செயல்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன என்பதை விடைத்தாளும் காட்டுவதில்லை; மதிப்பெண் திட்டமும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

இக்குழப்பம் புதியதன்று. பாஸ்கரர் 1150 இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியின் ஒரு பகுதியான லீலாவதியில் ஒரு கணக்கு வருகிறது. ஓர் எண்ணைப் பூச்சியத்தால் பெருக்குக; அவ்வாறு கிடைத்ததுடன் அதன் பாதியைக் கூட்டுக; மூன்றால் பெருக்குக; பூச்சியத்தால் வகுக்க, 63 கிடைக்கிறது. எண் யாது? அவர் தரும் விடை 14. பூச்சியத்தால் பெருக்கியவுடனே எல்லாம் பூச்சியமாகிவிடும் என்றால் கணக்கே எழாது. ஆகையால் அவர் ஒரு விதி வகுக்கிறார்: இன்னும் செய்ய வேண்டிய செயல்கள் மீதமிருந்தால், பூச்சியத்தால் பெருக்கப்பட்ட எண்ணை உடனே பூச்சியமாக்காமல், அந்தப் பெருக்கலை நினைவில் நிறுத்தி வைக்க வேண்டும், பின்னர் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்தால், எண் மாறாதிருந்ததாகவே கொள்ள வேண்டும். இவ்வகைக் கணக்கு வானியலுக்குப் பெரிதும் பயன்படும் என்றும் சொல்கிறார்.

இன்றைய மொழியில், பூச்சியத்தின் இடத்தில் h என்று வைத்துப் பார்க்கலாம். அப்போது f(h) = 3(xh + xh/2)/h. அடைப்புக்குள் இருப்பது 3xh/2. ஆகவே h பூச்சியமாக இல்லாத வரையில் f(h) = 9x/2. h எவ்வளவு சிறியதானாலும் இம்மதிப்பு அசையவே இல்லை. h = 0 இல் மட்டும் தொகுதியும் பகுதியும் பூச்சியமாகி, சார்புக்கு மதிப்பே இல்லாமல் போகிறது; வரைபடத்தில் ஒரே ஒரு துளை. அத்துளையில் 9x/2 ஐ வைத்து நிரப்பினால் 9x/2 = 63, x = 14. பாஸ்கரரின் விதி செய்வது இதைத்தான். இதை எல்லை என்ற கருத்து என்றே கொண்டாடுவோர் உண்டு. அது மிகை. 'நெருங்குதல்' பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை. அது பூச்சியத்தை அடிக்கலாம் என்று அனுமதி மட்டுமே தருகிறது.

அவருக்கு முன்னோர் வேறு விடை வைத்திருந்தனர். 628 இல் எழுதிய பிரம்மகுப்தர், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றார். ஒன்பதாம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட அமோகவர்ஷனைப் போற்றி கணித சார சங்கிரகத்தை எழுதிய மகாவீரர், பூச்சியத்தால் வகுக்கப்பட்ட எண் மாறுவதில்லை என்றார். அதன்படியும் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியமே. இவர்கள் தவறு செய்தார்கள் என்று நகர்ந்துவிடுவது எளிது. சற்று நின்று பார்த்தால், அவர்கள் செய்ததும் துளையை நிரப்புவதுதான். f(0) = 0 என்று வரையறுக்க எவருக்கும் தடையில்லை; அதுவும் முறையான சார்பே. ஆனால் லீலாவதிக் கணக்கில் அம்மதிப்பை வைத்தால் 0 = 63 என்று வந்து நிற்கும். சுற்றிலும் 63 ஆக இருக்கும் சார்பு, ஒரு புள்ளியில் மட்டும் பூச்சியத்துக்குத் தாவுகிறது. தொடர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையை வைத்த பிறகே 63 மட்டும் தகுதி பெறுகிறது. ஒரு சார்புக்கு ஒரு புள்ளியில் இரண்டு எல்லைகள் இருக்க முடியாது என்பதால், தகுதியுடைய மதிப்பும் ஒன்றே.

இங்கேதான் வகுப்பறை மறைக்கும் மூன்று செயல்கள் பிரிந்து தெரிகின்றன. (x² − 9)/(x − 3) இல் அடிக்கும்போது கிடைப்பது அதே சார்பு அன்று. g(x) = x + 3 என்ற வேறொரு சார்பு கிடைக்கிறது. f இன் சார்பகத்தில் 3 இல்லை. g இன் சார்பகத்தில் உண்டு. மற்ற எல்லாப் புள்ளிகளிலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. இது முதற்செயல். எல்லை காணும்போது 3 ஐச் சுற்றியுள்ள புள்ளிகளையே பார்க்கிறோம், 3 ஐப் பார்ப்பதில்லை; ஆகவே f இன் எல்லையும் g இன் எல்லையும் ஒன்று. g ஒரு பல்லுறுப்புக்கோவை, தொடர்ச்சியுடையது; எனவே அந்த எல்லை g(3) = 6. இது இரண்டாவது. மூன்றாவதாக, f(3) = 6 என்று நாமே புதிதாக வரையறுக்கிறோம். அது கண்டுபிடிப்பு அன்று, ஒரு தீர்மானம். 'f(x) = x + 3' என்று நிபந்தனையின்றி எழுதும் மாணவர், இத்தீர்மானம் எடுக்கப்படுவதற்கு முன்பே எடுக்கப்பட்டதாக எழுதிவிடுகிறார். 'x ≠ 3 எனில்' என்ற ஒரு சொற்றொடர் விடுபட்டால், வினா கேட்ட பொருளே விடையில் காணாமற்போகிறது. அதற்கு ஒரு மதிப்பெண் ஒதுக்குவது கொடுமையாகாது.

இப்பிரிவினை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுவோர், அடித்தல் எங்கே தோற்கிறது என்று பார்க்கலாம். (x² − 9)/(x − 3)² இல் ஒரு காரணியை அடித்த பிறகும் பகுதியில் இன்னொன்று நிற்கிறது. மீண்டும் 3 ஐப் பிரதியிட்டால் மேலே 6, கீழே பூச்சியம். இத்துளையை எந்த மதிப்பாலும் நிரப்ப முடியாது. அடித்தபின் பிரதியிட்டுச் சரிபார்ப்பது இதனால்தான் கட்டாயமாகிறது. பாஸ்கரரின் விதிக்கும் இதே எல்லைக்கோடு உண்டு: எத்தனை முறை பூச்சியத்தால் பெருக்கினோம், எத்தனை முறை வகுத்தோம் என்று எண்ணிக்கை வைக்காவிட்டால் அது வழிதவறும். |x − 3|/(x − 3) வேறு விதமாக ஏமாற்றும். வலப்புறத்தில் அடித்தால் 1, இடப்புறத்தில் அடித்தால் −1. அடிக்க முடிகிறது, ஆனால் ஒருமித்த எல்லை இல்லை, நிரப்பவும் வழியில்லை.

கர்நாடகத்திலும் பயன்படும் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு நூலின் தொடர்ச்சி பாடத்தில் ஒரு பயிற்சி இருக்கிறது. x ≠ π/2 எனில் f(x) = k cos x/(π − 2x), f(π/2) = 3; சார்பு அங்கே தொடர்ச்சியாக இருக்க k யாது? இதில் நிரப்பும் மதிப்பு முன்பே தரப்பட்டு, சுற்றுப்புறத்தை அதற்கேற்பச் சரிசெய்யச் சொல்கிறார்கள். t = π/2 − x என்று எழுதினால் சார்பு k sin t/(2t) ஆகும். sin t க்கும் t க்கும் பொதுக் காரணி எதுவும் இல்லை, அடிக்க ஒன்றுமில்லை. அடித்தலே முறை என்று பழகியவர் இங்கே கைபிசைந்து நிற்பார். எல்லையே முறை, அடித்தல் அதற்கான ஒரு வழி என்று பழகியவர், sin t/t இன் எல்லை 1 என்பதை வட்டக்கோணப்பகுதியின் பரப்பளவை ஒப்பிட்டு நிறுவிக்கொண்டு, k/2 = 3, k = 6 என்று எழுதுவார்.