சில்லென்று இருந்தால் ஜேட் ஆகிவிடுமா?

ஜேட் வளையல் வாங்கப் போகிறவருக்கு மூன்று யோசனைகள் இலவசமாகக் கிடைக்கும். கன்னத்தில் வைத்துப் பார், சில்லென்று இருக்க வேண்டும். கத்தியால் கீறிப் பார், கோடு விழக் கூடாது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார், வெளிச்சம் உள்ளே பரவ வேண்டும். மூன்றிலும் தேறினால் அசல். தேறாவிட்டால் சர்ப்பென்டைன், மாக்கல், கண்ணாடி இவற்றில் ஏதோ ஒன்று. கடைக்காரரும் இதைச் சொல்கிறார், வாங்கப் போகிறவரோடு துணைக்கு வருபவரும் இதையே சொல்கிறார். இந்தச் சோதனைகள் சில போலிகளை ஒதுக்கித் தள்ள உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் கையிலிருக்கும் கல் ஜேட்தான் என்று சொல்லும் தெம்பு மூன்றில் எதற்கும் இல்லை. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இல்லை.

முதலில், ஜேட் என்ற பெயரில் விற்பது ஒரே கல் அல்ல. பர்மாவிலிருந்து வரும் பளீர்ப் பச்சை ஜேடைட்; சீனாவின் ஹோத்தானிலும் நியூசிலாந்திலும் கிடைப்பது நெஃப்ரைட். இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்பதை 1863இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி தமூர் பகுத்துக் காட்டினார். கடினம், எடை, ஒளி ஊடுருவும் அளவு எல்லாவற்றிலும் இவை இரண்டும் வேறுபடும். ஆக, "ஜேட் இப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சே தொடக்கத்திலேயே ஆட்டம் காண்கிறது.

குளிர்ச்சியிலிருந்து தொடங்கலாம். ஒரு பொருள் சில்லென்று படுவதற்குக் காரணம் அது குளிர்ந்திருப்பது அல்ல, நம் தோலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வது. கண்ணாடி சூட்டைக் கடத்துவதில் மந்தம். சர்ப்பென்டைன் ஏறக்குறைய அதன் மூன்று மடங்கு கடத்தும்; ஜேட் நாலைந்து மடங்கு. எனவே கண்ணாடி வளையலையும் ஜேட் வளையலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தொட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். கண்ணாடி சீக்கிரம் கைச்சூட்டுக்கு வந்துவிடும், ஜேட் இன்னும் கொஞ்ச நேரம் சில்லென்றே இருக்கும். இந்தச் சோதனைக்கு உள்ள நியாயம் இவ்வளவுதான்.

மாக்கல்லிடம் வந்தால் கதை மாறிவிடுகிறது. மாக்கல்லின் முக்கியக் கனிமமான டால்க், சூட்டைக் கடத்துவதில் ஜேடுக்குச் சளைத்ததே அல்ல. சேலத்துக் கல்சட்டியைக் காலையில் அலமாரியிலிருந்து எடுத்தவர்களுக்கு அது கையில் எப்படிச் சில்லிடும் என்று தெரியும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும் அதே சட்டிதான் அது. சூட்டைத் தேக்கி வைப்பது அதன் கனமும் தடிமனும். அதனால் தொட்டால் சில்லிடாது என்று எண்ணிவிடக் கூடாது. குவார்ட்ஸோ ஜேடைவிடவே நன்றாகக் கடத்தும். குளிர்ச்சியை மட்டும் நம்பினால் சாயம் ஏற்றிய குவார்ட்ஸ் மணி, அசல் ஜேடை முந்திக்கொண்டு பரிசு வாங்கிவிடும்.

நம் ஊர் வெயில் இன்னொரு தொல்லை. தோலின் வெப்பம் சுமார் 33 டிகிரி. கல் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் இருந்தால்தான் சூடு கல்லுக்குப் போகும், அப்போதுதான் சில்லிடும். மே மாதத்து மதுரையிலோ ஏப்ரல் மாதத்து மாண்டலேயிலோ நிழலிலேயே 38 டிகிரி இருக்கும்போது திறந்தவெளிக் கடையில் எந்தக் கல்லும் குளிராது. நல்ல ஜேட்தான் முதலில் வெதுவெதுப்பாகப் படும். ஏசி போட்ட கடையில் இது தலைகீழ், அங்கே கண்ணாடித் துண்டும் சில்லென்று இருக்கும். குளிர்ச்சியைப் பார்த்தே தீருவேன் என்பவர், அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டையும் சந்தேகக் கல்லையும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, ஒரே பருமனான இடத்தில் உதட்டால் தொட்டுப் பார்க்கட்டும். தனிக் கல்லைக் கன்னத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

அடுத்தது கீறல். மூன்றில் இதற்குத்தான் கொஞ்சம் மரியாதை தரலாம். மோஸ் அளவுகோலில் டால்க் 1. மாக்கல்லில் நகத்தை வைத்து அழுத்தினாலே தடம் விழும், விரலில் வழவழவென்று மாவு ஒட்டும். சாதாரண சர்ப்பென்டைன் பேனாக்கத்திக்குப் பணிந்துவிடும். ஜேடைட் 6.5 முதல் 7 வரை, நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரை, எஃகுக் கத்தி 5.5ஐ ஒட்டி நிற்பதால் இரண்டிலும் அது கோடு போடாது. ஆகவே கத்தி இறங்கினால் ஜேட் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

இறங்காவிட்டால்? அங்கேதான் தவறு நடக்கிறது. ஜன்னல் கண்ணாடி கத்தியோடு ஏறக்குறைய சமக் கடினம் உள்ளது, பல கத்திகள் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். சர்ப்பென்டைனில் போவனைட் என்றொரு வகை உண்டு. அதன் கடினம் 5இல் தொடங்கி 6 வரை ஏறும், பச்சையாக, வழவழப்பாக இருக்கும், கத்திக்கும் தாக்குப்பிடிக்கும். நியூசிலாந்தின் மில்ஃபர்ட் சவுண்ட் பகுதியில் கிடைக்கும் இந்தக் கல்லை மாவோரி மக்கள் தாங்கிவாய் என்று தனிப் பெயரிட்டு, பச்சைக்கற்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பூனாமு என்ற பெரிய குடும்பத்திலேயே வைத்திருக்கிறார்கள். குவார்ட்ஸின் கடினம் 7. கத்தி அதை ஒன்றும் செய்யாது. அதுவே கண்ணாடிப் புட்டியில் கோடு போடும். "கண்ணாடியைக் கீறியது, எனவே ஜேட்" என்பவர் அந்த இடத்தில் நிரூபித்தது, கல் கண்ணாடியைவிடக் கடினம் என்பதை மட்டும்தான்.

கீறலைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. கத்தியைக் கல்லின்மேல் இழுத்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். கல் கீறிவிட்டது என்று பதறுவார்கள். ஈரத்துணியால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். கல்லில் பள்ளம் இல்லாமல் கோடு மறைந்தால், அது கத்தி தேய்ந்து ஒட்டிய இரும்பு. மெருகுக்காக மெழுகு பூசிய வளையலில் மெழுகு மட்டும் கீறியிருக்கும், கல் அப்படியே இருக்கும். இதையெல்லாம் கடைக்காரர் முன்னால், பணம் கொடுக்காத பொருளில், மெருகேற்றிய முகத்தில் செய்து பார்ப்பது அடாவடி. வளையலில் மறைவான இடமே கிடையாது. மணியானால் துளையின் விளிம்பு, சிலையானால் அடிப்பாகம், அதுவும் உரிமையாளரின் சம்மதத்தோடு.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை பொதுக் கருத்து பாதி அல்ல, முக்கால் பங்கு தவறு. ஒளி ஊடுருவுவது ஜேடின் அடையாளம் அல்ல, அதன் தரத்தின் அளவு. விலை உயர்ந்த ஜேடைட் வெளிச்சத்தில் உள்ளிருந்து ஒளிரும். மலிவான ஜேடைட் சுண்ணாம்புக்கட்டி போல மங்கிக் கிடக்கும். கரும்பச்சை நெஃப்ரைட் விளக்கை முழுசாக மறைத்துவிடும். இவை மூன்றுமே அசல். அதேசமயம் சீனாவின் லியாவ்னிங் மாகாணத்துச் சியூயான் ஊரில் வெட்டியெடுக்கும் இளம்பச்சை சர்ப்பென்டைன், பல ஜேடுகளைவிட அழகாக ஒளியை விடும். விளக்கை மட்டும் நம்பினால், சியூயான் கல்லை அசல் என்று வாங்கி, அசல் நெஃப்ரைட்டைப் போலி என்று திருப்பிக் கொடுப்போம்.

இதைவிட மோசம், இந்தச் சோதனை ஏமாற்றுபவருக்கே துணை போவது. மங்கலான ஜேடைட்டை அமிலத்தில் ஊறவைத்துக் கறைகளைக் கரைத்து, உண்டான நுண்துளைகளில் பிசினை ஏற்றி நிரப்புகிறார்கள். வணிகத்தில் இதற்கு "பி" வகை என்று பெயர். எதுவும் ஏற்றாத கல் "ஏ" வகை. சாயம் ஏற்றியது "சி". பி வகைக் கல்லில் வெளிச்சம் முன்னைவிட நன்றாகப் பரவும், அந்த வேலையே அதற்காகத்தான் செய்யப்படுகிறது. கல் ஜேடைட் என்பது உண்மை, விலைதான் பொய். வருடங்கள் போகப் பிசின் மஞ்சளித்துக் கல் களையிழக்கும்.

ஆனாலும் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டேன். ஒளி வருகிறதா என்று கேட்காமல், ஒளியில் என்ன தெரிகிறது என்று பார்த்தால் அது நல்ல கருவி. லென்ஸில் உருண்டையான காற்றுக்குமிழியோ பாகு கலக்கியது போன்ற சுழிக்கோடோ தெரிந்தால் கண்ணாடி. பச்சை நிறம் கல்லோடு கலந்து நிற்காமல், கல்லின் துகள்களுக்கு இடையிலான விரிசல்களில் வலைப்பின்னலாகத் தேங்கி நின்றால் சாயம். "மலேசிய ஜேட்" என்று விற்கிற சாயக் குவார்ட்ஸைட்டில் இந்த வலை தெரியும். மலேசிய ஜேட், இந்திய ஜேட், கொரிய ஜேட் என்று நாட்டுப் பெயர் முன்னால் நின்றாலே நான் லென்ஸை எடுத்துவிடுவேன்.

"தனித்தனியே பலவீனம் சரி, மூன்றிலும் ஒரு கல் தேறினால்?" என்பது கடைசி வாதம். மேலே சொன்ன சாயக் குவார்ட்ஸைட் சில்லென்று இருக்கும், கத்திக்கு அசையாது, வெளிச்சத்தை விடும். மூன்றிலும் தேறிய அந்தக் கல் ஜேட் அல்ல. வேறென்ன சான்று வேண்டும்?

இந்தக் கல்லைப் பிடிக்க எடை வேண்டும். வெறும் எடை அல்ல, தண்ணீரில் பார்க்கும் எடை. 0.1 கிராம் வரை காட்டும் மின்தராசு, ஒரு தம்ளர், கொஞ்சம் நூல் போதும். ஒரு வளையல் 52.0 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையல் நுழையும் அளவு அகலமான தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். வளையலை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். ஒட்டிய குமிழிகளைத் தட்டிவிட்டபின் தராசு காட்டுவது, வளையல் விலக்கிய தண்ணீரின் எடை. 52ஐ அந்த எண்ணால் வகுத்தால் கல்லின் ஒப்படர்த்தி வந்துவிடும்.

ஜேடைட்டானால் தராசு 15.6 காட்டும், அதாவது ஒப்படர்த்தி 3.33. நெஃப்ரைட்டானால் 17.6, ஒப்படர்த்தி 2.95. நம் வளையல் 19.6 காட்டுகிறது, வகுத்தால் 2.65. அது குவார்ட்ஸின் எண். சர்ப்பென்டைனும் பெரும்பாலான கண்ணாடிகளும் 20ஐத் தாண்டும். அவை இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இந்த எண் போதாது. அங்கேதான் குமிழியும் குளிர்ச்சியும் கீறலும் துணைக்கு வர வேண்டும். மாக்கல் நெஃப்ரைட்டுக்குக் கொஞ்சம் அருகில் வரும், ஆனால் நகம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் எடைக்கும் எல்லை உண்டு. தங்கப் பூண் போட்ட வளையலில் கணக்கு தப்பும். பி வகை ஜேடைட்டின் எண் சற்றே குறையுமே தவிர, வீட்டுத் தராசு அதை உறுதியாகச் சொல்லாது. பிசினைக் காட்டுவது ஆய்வகத்தின் அகச்சிவப்பு நிறமாலைதான். ஆகவே விலை பெரிதாக இருந்தால், "இயற்கை ஜேடைட், ஏ வகை" அல்லது "நெஃப்ரைட்" என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், ரத்தின ஆய்வகச் சான்றும் கேளுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்க்கத் தாராளமாக விடுகிற கடைக்காரர் எழுதித் தர மட்டும் தயங்கினால், அந்த வளையலை வாங்காதீர்கள்.